88.5 சதவீதம் முடித்தும் பாதிகூட வரவில்லை: வேரியபிள் பே கணக்கு

கேள்வி: வேலூரில் ஒரு நுகர்பொருள் கம்பெனியில் சேல்ஸ் ஆபீசராக இருக்கிறேன். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு லைன் பார்க்கிறேன். வருடத்துக்கு 60,000 ரூபாய் வேரியபிள் பே என்று கன்சல்டன்சிக்காரர் சொல்லிச் சேர்த்துவிட்டார். டார்கெட்டில் 88.5 சதவீதம் முடித்தேன், 53,000 வரும் என்று இருந்தேன். ஜூலை சம்பளத்தில் 28,800 வரும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? வேறு இடத்தில் ஆஃபர் இருக்கிறது, போய்விடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கீம் தாளின்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28,800 சரியான தொகைதான். உங்களிடம் அந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, தப்பு அங்கே இருக்கிறது.

உங்களுக்கு மூன்று டார்கெட். விற்பனைக்கு 50 சதவீத வெயிட்டேஜ், புதுக் கடை சேர்ப்பதற்கு 30, பாக்கி வசூலுக்கு 20. அதாவது 60,000 ரூபாய் முதலிலேயே 30,000, 18,000, 12,000 என்று மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாகத்தான் கணக்கு. நீங்கள் மூன்றையும் கூட்டி 88.5 என்று வந்தீர்கள். கம்பெனி அப்படிக் கூட்டுவதே இல்லை.

ஸ்கீம் தாளின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. எந்த டார்கெட்டாக இருந்தாலும் 80 சதவீதத்தைத் தொடவில்லை என்றால் அந்தப் பங்கில் ஒரு ரூபாய் கிடையாது. 80-ஐத் தொட்டால் பாதிப் பணம். அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இரண்டரை சதவீதம் கூடும், 100-க்கு முழுப் பணம். விற்பனையில் நீங்கள் 92. அதற்கு 80 சதவீதப் பணம், 24,000. வசூல் 100, அதற்கு முழு 12,000. புதுக் கடை 40-க்கு 30 பிடித்தீர்கள், 75 சதவீதம். அந்த 18,000 மொத்தமாகப் போய்விட்டது.

மீதி 36,000. கடைசியில் கம்பெனி தன் மொத்த லாபத்தைப் பார்த்து ஒரு பெருக்கல் எண் வைக்கிறது. இந்த வருடம் அது 0.8. அதனால் 28,800. இந்த எண் உங்கள் உழைப்பில் வருவதில்லை, குடியாத்தத்தில் நீங்கள் எவ்வளவு ஓடினாலும் அது மாறாது. இதை வருட ஆரம்பத்திலேயே வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? எச்.ஆரிடம் கேட்டால் ‘பாலிசிப்படி’ என்று ஒரு வரி மெயில் வருகிறது. ஆளை ஓடவைக்கத்தான் இந்தப் பணம் என்றால், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னும் இரண்டே கடை பிடித்திருந்தால் 32, அதாவது 80 சதவீதம். 9,000 சேர்ந்து, 0.8 போட்ட பிறகும் 7,200 ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். பிப்ரவரி, மார்ச் முழுக்க விற்பனையை 90-லிருந்து 92-க்கு ஏற்றப் பாடுபட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கிடைத்தது 1,200 ரூபாய்.

தீபாவளிக்கு வரும் சட்டப்படியான போனஸ் தனி. தகுதி உள்ளவர்களுக்கு, சட்டம் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் உண்டு, டார்கெட்டைக் காட்டி அதை நிறுத்த முடியாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வேலை மாறுவது பற்றி. உங்கள் தாளில் ‘பணம் போடும் தேதியில் ரோலில் இருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்திருக்கக் கூடாது’ என்று இருக்கிறது. கணக்கு வருடம் மார்ச்சில் முடிந்தாலும் பணம் ஜூலையில்தான் வருகிறது. ஜூனில் ராஜினாமா மெயில் அனுப்பினால், வருடம் முழுக்க வேலை பார்த்திருந்தும் 28,800 கைவிட்டுப் போகும். ‘ஜூன் கடைசிக்குள் சேர்ந்துவிடுங்கள் சார்’ என்று கன்சல்டன்சிக்காரர் நச்சரிப்பார். நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன், உங்கள் வேரியபிளைப் பற்றி அவருக்கு என்ன கவலை? பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே மெயில் அனுப்புங்கள். புதுக் கம்பெனி காத்திருக்க மாட்டோம் என்றால், இழக்கும் தொகையை ஜாய்னிங் போனஸாகக் கேளுங்கள், அதையும் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னது எதற்கும் உதவாது.

அதே ஆள் புது ஆஃபரையும் ‘வருடம் 4 லட்சம்’ என்றுதான் சொல்லியிருப்பார். அதில் நிலையான சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த ஏஜென்ட்கள் வேரியபிளை 100 சதவீதம் வரும் என்று வைத்துத்தான் கூட்டிச் சொல்கிறார்கள். வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் நிலையான சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தக் கம்பெனியின் ஸ்கீம் தாளைக் கேளுங்கள். பூஜ்யம் ஆகும் எல்லை எத்தனை சதவீதம், கம்பெனிப் பெருக்கல் எண் போன வருடம் எவ்வளவு, நடு வருடத்தில் டார்கெட்டை மாற்றினால் எழுத்தில் தருவார்களா? இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிவிட்டுச் சரி சொல்லுங்கள்.