லாட்ஜ் ரூமில் டிரிப் பேக் காபி: பால் ஊத்தினாலும் தண்ணியாகாமல்

கேள்வி: கப்பு மேல மாட்டித் தண்ணி ஊத்துற டிரிப் பேக், தண்ணில முக்குற டீ பேக் மாதிரி வர்ற காபி பை, ரெண்டும் வாங்கிப் பார்த்தேன். பால் ஊத்தினா தண்ணியா இருக்கு. ஊருக்குப் போற இடத்துல நல்ல காபி எப்படிப் போடுறது?

நான் போடிக்காரன். ஏலக்காய் வியாபாரம். மாதத்தில் ஏழெட்டு நாள் வண்டன்மேடு, குமுளிப் பக்கம் லாட்ஜில்தான் படுக்கை. மலைமேல் சாயா அருமையாக இருக்கும். காபி கேட்டால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளைத்தான் கலக்கித் தருவார்கள். அதனால்தான் இந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன்.

முதல் தடவை நீங்கள் செய்த அதே தப்பைத்தான் நானும் செய்தேன். கவரில் 150 மில்லி தண்ணீர் என்று போட்டிருந்தது, அப்படியே ஊற்றினேன். மேலே பாலையும் விட்டேன். கூட வந்த டிரைவர் தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணே, கழனித்தண்ணி மாதிரி இருக்குண்ணே" என்றான். அந்த அளவு கறுப்புக் காபி குடிக்கிறவர்களுக்கானது. பையில் இருப்பது 10 கிராம் தூள்தான். 150 மில்லியில் இறங்கினால் அது தனியாகக் குடிக்கச் சரி, பால் தாங்காது. நமக்கு வேண்டியது டிகாக்‌ஷன்.

இப்போது நான் செய்வது இது. வீட்டிலிருந்து 160 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் டம்ளர் ஒன்று எடுத்துப் போகிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் டம்ளரில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுவேன், டம்ளர் சூடாக இருக்க வேண்டும். பிறகு பாதி டம்ளர், அதாவது 80 மில்லி கொதிநீர் பிடித்து, பைக்கு டம்ளரிலிருந்துதான் ஊற்றுவேன். கெட்டிலிலிருந்து நேராக ஊற்றக் கூடாது. அதன் அகல வாயிலிருந்து தண்ணீர் குபுக்கென்று விழும், தூள் பை விளிம்பைத் தாண்டிக் கப்புக்குள் போய்விடும். எத்தனை நாள் திப்பி மென்றிருக்கிறேன்!

பையைக் கிழிக்கும் முன் லேசாகத் தட்டித் தூளைச் சமமாக்குங்கள். பையின் இரண்டு பக்கமும் இருக்கிற காகிதக் காதுகளைக் கப்பின் விளிம்பில் மாட்டுங்கள். முதலில் தூள் முழுதும் நனைகிற அளவுக்கு மட்டும், இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர். அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். புதுத் தூளாக இருந்தால் இட்லி மாவு மாதிரி உப்பிக் குமிழ் விடும். அசையாமல் சேறு மாதிரி கிடந்தால் பழைய சரக்கு. குடிக்கலாம், மணம் இருக்காது. மீதித் தண்ணீரை நூலாக, மூன்று நான்கு தடவையாக விடுங்கள். மொத்தம் இரண்டரை நிமிடம். தூள் சுமார் 20 மில்லியைக் குடித்துக்கொள்ளும், கப்பில் 60 மில்லி நிற்கும். அதே அளவு கொதிக்கிற பால், சர்க்கரை. அவ்வளவுதான். பாலைக் கீழே சாயாக் கடையில் சூடாக வாங்கிக்கொள்வேன். கெட்டிலில் பால் காய்ச்சினால் பொங்கி அடிப்பிடிக்கும், அடுத்த ஆள் சாபம் விடுவான். பாலைப் பையிலேயே ஊற்றுவதும் வேண்டாம், கொழுப்பு காகிதத்தை அடைத்துவிடும்.

கறுப்பாக 150 மில்லி இறக்குகிறவர்கள் கப்பின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். கடைக் கண்ணாடி கிளாஸில் மாட்டினால் பையின் அடி காபியில் முங்கிவிடும், அதன்பின் தண்ணீர் இறங்காமல் தேங்கிக் கசப்பேறும்.

கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிடச் சொல்வார்கள். கீழ்நாட்டுக்குச் சரி. வண்டன்மேட்டு உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூணாறில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. டம்ளருக்கு மாற்றும்போதே மேலும் இறங்கும். அங்கே ஆறவிட்டால் காபி புளித்தாற்போல் வெளிறி வரும்.

டீ பேக் மாதிரிப் பையை நான் ரயிலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஆடுகிற பெட்டியில் கொதிநீரை நூலாக ஊற்றினால் தொடைதான் வேகும். இதில் தூள் மூட்டைக்குள் அடைபட்டிருப்பதால் தண்ணீர் உள்ளே புகுந்து வர நேரம் எடுக்கும். பையை முதலில் போட்டு அதன்மேல் 80 மில்லி கொதிநீர் ஊற்றி, மூடி, முழுசாக ஐந்து நிமிடம் விடுங்கள். எடுக்கும்முன் பத்துத் தடவை மேலும் கீழும் முக்குங்கள். பிழிய வேண்டாம், நுண்தூள் வெளியே வந்து அடியில் வண்டலாக நிற்கும். என்ன செய்தாலும் டிரிப் பேக் அளவுக்குத் திடம் வராது. பாலைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே டம்ளரில் இரண்டு பை போடுங்கள்.

வாங்கும்போது கருக வறுத்ததாக, சிக்கரி சேர்ந்ததாகப் பாருங்கள். இளவறுவல் பைகள் பாலில் காணாமல் போய்விடும். போன மாதம் 80 மில்லிக் கணக்கில் போட்டுக் கொடுத்தபோது தம்பி ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை மட்டும் மறுபடி நீட்டினான்.