பைக் திருட்டு: சி.எஸ்.ஆர். ரசீதை இன்சூரன்ஸ் ஏற்கவில்லை

"பைக் திருடுபோய் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். இன்சூரன்ஸில் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்கிறார்கள். சார்ஜ் ஷீட் வரும்வரை காத்திருக்கணுமா?"

வேண்டாம். திருடன் சிக்காவிட்டால் சார்ஜ் ஷீட்டே வராது. உங்களுக்கு இப்போது தேவை எஃப்.ஐ.ஆர். மட்டும்.

உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். தாளின் தலைப்பைப் பாருங்கள். 'முதல் தகவல் அறிக்கை' என்ற தலைப்பும், குற்ற எண்ணும், சட்டப்பிரிவும் (திருட்டுக்கு பி.என்.எஸ். 303(2)) இருந்தால்தான் வழக்கு பதிவாகியிருக்கிறது. விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும். விசாரித்து முடித்து, இன்னார்மேல் இன்ன ஆதாரம் என்று போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்வதுதான் சார்ஜ் ஷீட்.

1. ஆர்.சி. நகலோடு போய், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி வழக்கு பதியச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

2. "தேடிப் பார்ப்போம், அப்புறம் பார்க்கலாம்" என்று இழுத்தடித்தால், புகாரை எஸ்.பி.க்கு (சென்னை போன்ற மாநகரமென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு) பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

ஒன்று கவனம்: எஃப்.ஐ.ஆர். கிடைத்த உடனே பணம் வந்துவிடாது. வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றையும் இன்சூரன்ஸில் பின்னால் கேட்பார்கள். அதற்குச் சில மாதம் ஆகலாம். அதனால் திருட்டுத் தகவலை அவர்களுக்கு இன்றே எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.