படமாக வந்த கூப்பன் அட்டவணையும் வட்டி நாட்காட்டியும்

கேள்வி: என்னிடம் இருக்கும் கடன் பத்திரத்தின் கூப்பன் அட்டவணை வெறும் படமாகத்தான் கிடைத்தது. அதைப் பார்த்து எந்தத் தேதியில் எவ்வளவு வட்டி வரும் என்று நாட்காட்டி போடுவது எப்படி?

பதில்:

உங்கள் கையில் இருப்பது அநேகமாக வெளியீட்டு ஆவணத்தின் கடைசிப் பக்கங்களிலிருந்து யாரோ வெட்டி எடுத்து அனுப்பிய படம். அப்படியானால் முதலில் அனுப்பியவரிடமே முழுப் பக்கத்தைக் கேளுங்கள். அட்டவணையின் தலைப்பும் அடிக்குறிப்பும் இல்லாமல் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நாட்காட்டி போட்டால் அதை நம்ப முடியாது. தொகை ஒரு பத்திரத்துக்கா, மொத்த வெளியீட்டுக்கா, ஆயிரங்களில் கொடுத்திருக்கிறார்களா என்பதெல்லாம் தலைப்பில்தான் இருக்கும். நாள் கணக்கு முறையும் விடுமுறை விதியும் அடிக்குறிப்பில் இருக்கும். விற்பவர்கள் வசதியாக வெட்டிவிடுவதும் இந்த இரண்டு இடங்களைத்தான்.

ஒரு மாதிரிப் பத்திரத்தை வைத்துச் சொல்கிறேன். முகமதிப்பு 1,000. கூப்பன் ஆண்டுக்கு 7.30%, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி. ஒதுக்கீட்டுத் தேதி 20 மார்ச் 2024, முதிர்வு 15 ஜூன் 2027. உங்களிடம் 40 பத்திரங்கள். படத்தில் இருப்பது இப்படி:

```
Due Date     Days    Amount
15-06-2024     87     17.40
15-12-2024    183     36.60
15-06-2025    182     36.40
15-12-2025    183     36.60
15-06-2026    182     36.40
15-12-2026    183     36.60
15-06-2027    182   1036.40
```

தொகையைத் தொடும் முன் தேதியை உறுதி செய்யுங்கள். இங்கே எல்லாம் 15-ஆம் தேதி என்பதால் நாள் எது, மாதம் எது என்ற குழப்பம் இல்லை. 06/12, 06/06 என்று மாறி மாறி வந்தால் அடுத்தடுத்த இரண்டு தேதிகளின் இடைவெளியைப் பாருங்கள். அரையாண்டு வட்டிக்கு 181 முதல் 184 நாள் வரை வர வேண்டும். மாதத்தை முன்னால் வைத்துப் படித்தால் இடைவெளி ஒரு வாரமாகவோ ஒரு வருடமாகவோ வந்து தவறு உடனே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் பத்திரத்தில்தான் இந்தச் சோதனை உதவாது. எப்படிப் படித்தாலும் இடைவெளி 365 அல்லது 366 நாள்தான் வரும். அப்போது அதே பக்கத்தில் ஒதுக்கீட்டுத் தேதியோ வேறு தேதியோ 12-க்கு மேற்பட்ட நாளோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

படத்தில் Record Date என்று இன்னொரு நெடுவரிசையும் இருக்கலாம். அன்று பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வட்டி. பணம் வருவது அன்றைக்கு அல்ல. 15 நாள் முன்பு என்று விதி இருந்தால் முதல் வட்டிக்கு அது 31 மே 2024. வரிசை மாறி இந்தத் தேதிகளை நாட்காட்டியில் ஏற்றிவிட்டால், ஒவ்வொரு வட்டியும் இரண்டு வாரம் முன்னதாக வருவதாகக் காட்டும்.

அடுத்தது தொகை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி கைபேசியிலேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் 36.60-ம் 36.40-ம் மங்கலான படத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் ஒவ்வொரு வரியையும் நீங்களே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். 1,000-க்கு 7.30% என்றால் ஆண்டுக்கு 73. அதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.20. 87 நாளுக்கு 17.40, 183 நாளுக்கு 36.60, 182 நாளுக்கு 36.40. எல்லாம் பொருந்துகிறது. விரிதாளில் A2-இல் ஒதுக்கீட்டுத் தேதியும், A3 முதல் வட்டித் தேதிகளும் இருந்தால் இவ்வளவு போதும்:

```
B3:  =A3-A2
C3:  =1000*7.3%*B3/365
D3:  =TEXT(A3,"ddd")
E3:  =ISNUMBER(A3)
```

E நெடுவரிசையில் FALSE வந்தால், ஒட்டிய தேதி வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை =DATE(2024,6,15) என்ற வடிவில் நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். D நெடுவரிசை கிழமையைக் காட்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

மொத்தத்துக்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு. ஒதுக்கீட்டிலிருந்து முதிர்வு வரை 1,182 நாள். நாளுக்கு 0.20 வீதம் 236.40. படத்தின் தொகை நெடுவரிசையைக் கூட்டினால் 1,236.40 வரும். அசல் 1,000 போக மிச்சம் அதே 236.40. இங்கேதான் கடைசி வரியின் சங்கதியும் தெரிகிறது. 1036.40 என்பதில் வட்டி 36.40 மட்டும்தான். வருமான நாட்காட்டியில் 1,456-ஐ வட்டியாகவும் 40,000-ஐ அசல் திரும்புவதாகவும் தனித்தனி வரியில் எழுதுங்கள். அசலைத் தவணையாகத் திருப்பும் பத்திரமென்றால் ஒவ்வொரு வரியிலும் இந்தப் பிரிவினை தேவைப்படும், அடுத்த வட்டியும் மீதமுள்ள அசலின் மேல்தான் ஓடும்.

அடிக்குறிப்பே இல்லாத படத்திலும் நாள் கணக்கு முறையைத் தொகையை வைத்தே கண்டுபிடிக்கலாம். எல்லா அரையாண்டும் ஒரே மாதிரி 36.50 என்றிருந்தால் அது பெரும்பாலும் 30/360 முறை. அதாவது எல்லா மாதத்துக்கும் 30 நாள். 36.60, 36.40 என்று மாறி மாறி வந்து ஆண்டுக்குச் சரியாக 73 ஆனால் Actual/365. ஆண்டுக் கூட்டுத்தொகை 74.01 பக்கம் போனால் Actual/360. உண்மையான நாட்களை எண்ணி 360-ஆல் வகுக்கிறார்கள். இந்தப் பத்திரத்தின் ஆயுளில் பிப்ரவரி 29 வரவில்லை. வந்திருந்தால் அந்த அரையாண்டுக்கு 182-க்குப் பதில் 183 நாள் ஆகியிருக்கும்.

முதல் வரியின் 17.40-ஐப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்து 36.50 போட்டுக்கொள்பவர்கள் நிறைய. 20 மார்ச்சில் ஒதுக்கி ஜூனிலேயே முதல் வட்டி தருவதால் அது குறுங்காலக் கூப்பன். சில வெளியீடுகளில் இதற்கு நேரெதிராக முதல் வட்டி எட்டு ஒன்பது மாதத்துக்குச் சேர்த்து வரும்.

இனி கிழமை. D நெடுவரிசையைப் பார்த்தால் 15 ஜூன் 2024 சனி, 15 டிசம்பர் 2024 ஞாயிறு, 15 ஜூன் 2025 ஞாயிறு. மற்ற நான்கும் திங்களோ செவ்வாயோ. அரசு விடுமுறைகளை விட்டு, வார விடுமுறையான சனி ஞாயிறை மட்டும் பார்த்தால், அடுத்த வேலை நாளில் பணம் என்ற விதிப்படி 17 ஜூன், 16 டிசம்பர், 16 ஜூன் என்று எழுத வேண்டும். சில ஆவணங்களில், அடுத்த வேலை நாள் அடுத்த மாதத்துக்குப் போனால் முந்தைய வேலை நாளுக்கு வந்துவிட வேண்டும் என்று இருக்கும். மாதக் கடைசித் தேதிகளில் வட்டி தரும் பத்திரங்களுக்கு இது முக்கியம். அசல் திரும்பும் தேதிக்குத் தனி விதி இருக்கவும் கூடும், அந்த வரியையும் படியுங்கள்.

நாள் தள்ளிப்போனால் தொகையும் கூடுமா? படத்தின் Days நெடுவரிசையே பதில் சொல்கிறது. முதல் வரியில் 87 என்றுதான் இருக்கிறது, அதாவது சனிக்கிழமை வரைதான் எண்ணியிருக்கிறார்கள். ஆகவே பணம் திங்களன்று வந்தாலும் 17.40 மாறாது. 89 என்று இருந்திருந்தால் 17.80 வந்திருக்கும், அடுத்த காலம் 182 நாளாகக் குறைந்திருக்கும். இதனால்தான் நாட்காட்டியில் இரண்டு தேதி வையுங்கள் என்கிறேன்: அட்டவணைத் தேதி ஒன்று, பணம் வரும் தேதி ஒன்று. கணக்கு முதலாவதை வைத்து, எதிர்பார்ப்பு இரண்டாவதை வைத்து. மூன்று ஆண்டு கழித்து வரும் அரசு விடுமுறைகள் அட்டவணை அச்சாகும்போது தெரிந்திருக்காது. எனவே ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் அந்த ஆண்டின் தேதிகளை மட்டும் திருத்திக்கொண்டால் போதும்.

"இத்தனை சில்லறைக்கு இவ்வளவு வேலையா, பணம் தானாகக் கணக்கில் வந்துவிடுமே" என்று கீழே கருத்து எழுதப்போகிறவர்களுக்கு: வரும்தான். வர வேண்டியது வந்ததா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஒரே ஒரு பத்திரம் வைத்திருப்பவருக்கு இது அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏழெட்டுப் பத்திரங்களின் வட்டியை நம்பி மாதச் செலவைத் திட்டமிடுகிறவருக்கு அதிகமே இல்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விற்கும் இடங்களில் ஆண்டு வட்டி 2,920-ஐப் 12-ஆல் வகுத்து "மாத வருமானம் 243" என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இந்தப் பத்திரத்தில் எந்த மாதமும் 243 வராது. ஜூனில் ஒரு தொகை, டிசம்பரில் ஒரு தொகை, நடுவில் ஐந்து மாதம் ஒன்றுமே இல்லை. ஓய்வுக்காலப் பணத்தைப் போடுகிறவர்களிடம் இப்படிச் சொல்வது எனக்குக் கடும் கோபத்தை வரவழைக்கிறது. உங்கள் நாட்காட்டியில் தயவுசெய்து சராசரி போடாதீர்கள், பூஜ்ய மாதங்களைப் பூஜ்யமாகவே காட்டுங்கள்.

நீங்கள் வெளியீட்டின்போது வாங்காமல் பிறகு சந்தையில் வாங்கியிருந்தால், அட்டவணையின் அடுத்த வட்டி முழுவதும் உங்கள் வருமானம் ஆகாது. 23 செப்டம்பர் 2025 அன்று பத்திரம் உங்கள் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15 முதல் 100 நாள் வட்டியை, பத்திரத்துக்கு 20 வீதம் 40-க்கு 800, விலையோடு சேர்த்து விற்றவருக்குக் கொடுத்திருப்பீர்கள். டிசம்பரில் வரும் 1,464-இல் அந்த 800 உங்கள் பணமே திரும்புவது. வருமானம் 664, அதாவது மீதி 83 நாளுக்கானது.

அட்டவணைத் தொகை வரிக்கு முந்தையது என்பதால் வரிப் பிடித்தத்துக்கு ஒரு நெடுவரிசை, உண்மையில் வந்த தொகைக்கு ஒன்று விட்டுவையுங்கள். வித்தியாசம் வந்தால் அதன் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். 40 பத்திரங்களுக்கு ஒரு நாள் வட்டி 8. வித்தியாசம் 8 அல்லது 16 என்றால் நாள் கணக்கில்தான் எங்கோ மாறியிருக்கிறது, விடுமுறை விதியைத் திரும்பப் படியுங்கள். வட்டியில் முழு எண்ணாக வரும் ஏதோ ஒரு சதவீதம் குறைந்தால் அது வரி. இரண்டிலும் சேராத தொகையாக இருந்தால், வங்கிக் கணக்கு வரியையும் அட்டவணைப் பக்கத்தையும் இணைத்து வெளியீட்டின் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள்.