டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சுவது வேறு, வழுக்குவது வேறு

கேள்வி: புது வீட்டுக்கு வெர்டிஃபைடு டைல்ஸ் நல்லதா, செராமிக் நல்லதா? வெர்டிஃபைடு தண்ணீர் உறிஞ்சாது, அதனால் பாத்ரூமுக்கும் அதையே போடுங்கள் என்கிறார் கடைக்காரர். சரியா?

பாதி சரி. மீதிப் பாதியால் என் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் அவர்கள் வீட்டைப் புதுப்பித்த காண்ட்ராக்டரும் இதையேதான் சொன்னார். "வெர்டிஃபைடு சொட்டுத் தண்ணி குடிக்காதும்மா, வீடு முழுக்க ஒரே டைல்ஸா போட்டுருவோம்." ஹாலுக்கு வாங்கிய, இரண்டு அடுக்காக அழுத்திச் செய்த பளபளப்பான டபுள் சார்ஜ் வெர்டிஃபைடு டைல்ஸில் மிஞ்சிய பெட்டிகளைப் பாத்ரூமிலும், பின்னால் துணி துவைக்கிற இடத்திலும் பதித்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் கொடியில் கிடந்த துணியை எடுக்க அத்தை பின்பக்கம் போனார்கள். கால் வைத்த இடத்திலேயே விழுந்தார்கள். அறுவை சிகிச்சை, பிறகு வாக்கர். இன்றுவரை பின்வாசல் பக்கம் தனியாகப் போகப் பயப்படுகிறார்கள்.

அந்த டைல்ஸ் தரமற்றது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வகையும் மண்ணைப் பொடியாக்கி, அழுத்தி, சூளையில் சுட்டவைதான். வெர்டிஃபைடில் ஃபெல்ட்ஸ்பார் அதிகம் சேர்த்து, ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடி மாதிரியாகி, உள்ளே இருக்கும் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால் அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் போகாது. தரைக்கான செராமிக் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் உறிஞ்சும். சுவருக்கான செராமிக் 10 சதவீதத்தையும் தாண்டும். விலை குறைவு என்று சுவர் டைல்ஸைத் தரையில் போட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

ஆனால் இதெல்லாம் டைல்ஸின் உடம்பைப் பற்றிய கணக்கு. உங்கள் கால் படுவது அதன் மேற்பரப்பில். அங்கே செராமிக்கும் தண்ணீர் குடிக்காது, ஏனென்றால் மேலே கிளேஸ் பூச்சு இருக்கிறது. பாத்ரூமில் தண்ணீர் கீழே இறங்குவது இணைப்புகள் வழியாகத்தான். அதைத் தடுக்க வேண்டியது அடியில் செய்யும் வாட்டர் புரூஃபிங். வழுக்குமா வழுக்காதா என்பதை மேற்பரப்பு பாலிஷா, பளபளப்பில்லாத மேட் வகையா, சொரசொரப்பா என்பதே தீர்மானிக்கிறது. சில கம்பெனிகள் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் எண் தருகின்றன. எண் ஏற ஏறப் பிடிப்பு கூடும். குளிக்கும் இடத்துக்குக் குறைந்தது ஆர் 10, மழை படும் வெளியிடத்துக்கு ஆர் 11 கேளுங்கள். எண் இல்லையென்றால் கடையிலேயே டைல்ஸைத் தரையில் வைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பக்கத்தில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலைத் தேய்த்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

எங்கள் வீடு கட்டும்போது பாத்ரூமுக்கும் பின்பக்கத்துக்கும் ஒரு அடிக்கு ஒரு அடி மேட் செராமிக்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பாத்ரூம் தரைக்கு வடிகால் நோக்கி வாட்டம் வேண்டும். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் அந்த வாட்டத்துக்கு வளைந்து கொடுக்காது. வெட்டி வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மூலையில் தண்ணீர் தேங்கும். சின்ன டைல்ஸ் வாட்டத்தோடு போகும், இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்கும் பிடிப்பு கிடைக்கும். வெர்டிஃபைடிலேயே மேட் வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள். வருகிறது, அதையும் தாராளமாகப் போடலாம். நான் வெர்டிஃபைடுக்கு எதிரி இல்லை. என் ஹாலில் இருப்பது அதுதான்.

ஹாலுக்கு ஏன் அது என்றால் பலம். வளைத்து உடைக்கும் சோதனையில் வெர்டிஃபைடு சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டனாவது தாங்க வேண்டும். தரை செராமிக்குக் கேட்கப்படுவது 22 அளவில். பீரோ, கிரைண்டர், கட்டில் கால் எல்லாம் நிற்கிற இடத்தில் இந்த வித்தியாசம் தெரியும். டபுள் சார்ஜில் மேல் வண்ண அடுக்கே 3 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் சிறு சில்லு போனாலும் உள்ளிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்காது. சமையலறைக்கு ஒரு எச்சரிக்கை: பாலிஷ் செய்யும்போது நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. சரியாக அடைக்காத சரக்கில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. வாங்கும் முன் ஒரு துண்டில் மஞ்சள் குழைத்து இரவு முழுக்க வைத்துப் பாருங்கள்.

செராமிக்கை வெர்டிஃபைடு என்று தள்ளிவிடும் கடைகளும் உண்டு. உடைந்த துண்டு ஒன்று கேட்டு வாங்கி வந்து சமையலறைத் தராசில் நிறுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 2 கிலோ துண்டு 10 கிராமுக்குள் கூடினால் வெர்டிஃபைடாக இருக்கலாம். 60, 80 கிராம் கூடினால் நிச்சயம் இல்லை. ஆய்வகத்தில் இதைவிடக் கடுமையாகச் சோதிப்பார்கள், ஆனால் ஏமாற்றைப் பிடிக்க இது போதும்.

தண்ணீர் உறிஞ்சாத குணத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. சிமெண்ட் பாலையும் அது உறிஞ்சாது, அதனால் சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் கம் போட்டே ஒட்ட வேண்டும். 20 கிலோ மூட்டை சுமார் 45, 50 சதுர அடிக்கு வரும். எங்கள் கொத்தனார் "சிமெண்டே போதும்" என்று கடைசிவரை வாதாடினார். பதித்த பிறகு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் அடியில் காலியாக இருக்கும் இடம் டொக்கென்று தனிச் சத்தம் கொடுக்கும். எத்தனை பலமான டைல்ஸும் அந்த இடத்தில் பீரோ கால் ஏறினால் விரிசல் விடும். இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்தாலும் வெயில் காலத்தில் விரிந்து கூரை போல எழும்பும். 2 மில்லிமீட்டர் ஸ்பேசராவது வைக்கச் சொல்லுங்கள்.

விலை: நாங்கள் வாங்கியபோது மேட் செராமிக் சதுர அடி 36 ரூபாய், டபுள் சார்ஜ் 58 ரூபாய். கம் செலவைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று விற்பது உண்மையில் 600 மில்லிமீட்டர். நான்கு டைல்ஸ் உள்ள பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. நாங்கள் வாங்கிய கடையில் பெட்டிக்கு 16 சதுர அடி என்றே பில் போட்டார்கள். 20 பெட்டிக்கு 10 சதுர அடி, 580 ரூபாய் காற்றுக்குக் கொடுத்தது போல. கேட்டதற்கு "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்றார்கள். உங்கள் பில்லில் பெட்டிமேல் அச்சிட்ட சதுர மீட்டர் கணக்கை எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் பெட்டி விலையை 15.5 ஆல் வகுத்து அடுத்த கடையோடு ஒப்பிடுங்கள்.