வலது பக்கம் ஏறிவிட்டது, யார் வாங்கி ஏறியது?

கேள்வி: நான் பார்த்து வைத்திருக்கும் ஒரு பங்கு 840 ரூபாயிலிருந்து 600 வரை இறங்கி, இப்போது 820 பக்கம் வந்துவிட்டது. வீக்லி சார்ட்டில் அழகாகக் கப் தெரிகிறது. போன முறை இதே மாதிரி ஒன்றைப் பழைய உச்சத்துக்கிட்ட வாங்கி, ஒரே வாரத்தில் மாட்டிக்கொண்டேன். வலது பக்கம் சரியாக ஏறியிருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? வாராந்திரக் கணக்கை அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: இப்போது வாங்காதீர்கள். இன்னும் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து பாருங்கள். இந்தப் பங்கின் வலது பக்கத்தில் கீழ்ப்பாதி நன்றாக ஏறியிருக்கிறது. மேல்பாதிதான் எனக்குத் திருப்தியாக இல்லை.

விலை இறங்கி, வட்டமாகத் திரும்பிப் பழைய உச்சத்துக்கு வருவது கப். அதில் ஏறும் பாதிதான் வலது பக்கம். உச்சத்துக்கிட்ட வந்ததும் கொஞ்சம் இறங்கி ஓய்வெடுப்பது ஹேண்டில். முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். கப் அண்ட் ஹேண்டிலைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் வில்லியம் ஓநீல் சொன்ன கணக்குப்படி, கப் வருவதற்கு முன் பங்கு குறைந்தது 30 சதவீதமாவது ஏறியிருக்க வேண்டும். கப்பின் ஆழம் பெரும்பாலும் 12 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்கும். நீளம் ஏழு வாரத்துக்குக் குறையக்கூடாது. உங்கள் பங்கு 840-லிருந்து 600-க்கு வந்தது 28.6 சதவீத இறக்கம், அது பரவாயில்லை. கப்பின் நடுப்புள்ளி 720. இந்த 720-ஐ மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வடிவம் பார்ப்பது இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வட்டமாக இருந்தால் கப், முடிந்தது கதை என்று நினைக்கிறார்கள். வலது பக்கத்தில் பார்க்க வேண்டியது கோட்டின் அழகை அல்ல. ஒவ்வொரு வாரமும் எவ்வளவு பங்கு கைமாறி அந்த விலை வந்தது என்பதைத்தான்.

நீங்கள் அனுப்பிய கணக்கில் வாரச் சராசரி வால்யூம் சுமார் 10 லட்சம் பங்குகள். அடிமட்டத்தில் 612-ல் முடிந்த வாரத்துக்கு அடுத்து, முதல் வாரம் 11 லட்சம் வால்யூமில் 648. இரண்டாவது வாரம் 640-க்கு இறங்கியது, வால்யூம் 7 லட்சம்தான். மூன்றாவது வாரம் 16 லட்சத்தில் 690. அந்த வாரத்தின் உச்சம் 695, அதாவது வாரம் உச்சத்தை ஒட்டியே முடிந்திருக்கிறது. நான்காவது வாரம் 684-க்குக் கொஞ்சம் இறக்கம், வால்யூம் 8 லட்சம். ஐந்தாவது வாரம் 18 லட்சத்தில் 738. இதுவரை பாடப் புத்தகத்தில் போடலாம். ஏறும்போது கூட்டம் கூடுகிறது, இறங்கும்போது விற்க ஆள் இல்லை. பெரிய ஃபண்டுகள் சேர்க்கும்போது பங்கு இப்படித்தான் நடந்துகொள்ளும். அவர்களால் ஒரே நாளில் வாங்கி முடிக்க முடியாது. வாரக்கணக்கில் வாங்குவார்கள், அந்தத் தடம் வால்யூமில் தெரியும்.

அப்புறம்தான் சங்கதி மாறுகிறது. ஆறாவது வாரம் 752, வால்யூம் 9 லட்சம். ஏழாவது வாரம் 815 வரை போய்விட்டு 790-ல் முடிந்தது, வால்யூம் 8 லட்சம். எட்டாவது வாரம் 832-ஐத் தொட்டு 822-ல் முடிந்தது, வால்யூம் 7 லட்சம். விலை வாரா வாரம் ஏறுகிறது, வால்யூம் வாரா வாரம் இறங்குகிறது, மூன்றுமே சராசரிக்குக் கீழே.

இதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், 780-க்கும் 840-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உச்சத்தில் வாங்கி, 600 வரை பார்த்து வயிறு கலங்கியவர்கள். எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு விலை போகும் என்று அதிக விலையில் எடுத்த சேலை மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால், அசல் விலைக்கு ஒருவர் கேட்டதும் கடைக்காரர் கட்டிக் கொடுத்துவிடுவார் அல்லவா, அதேதான் இங்கேயும். போட்ட காசு வந்தால் போதும் என்று அவர்கள் விற்பார்கள். அத்தனை விற்பனையையும் உள்வாங்கிக்கொண்டு பங்கு மேலே போக வேண்டுமென்றால், வலது பக்கத்தின் மேல்பாதியில் வால்யூம் கூடியே ஆக வேண்டும். குறைந்த வால்யூமில் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்றால், பெரிய கை இன்னும் இறங்கவில்லை. மாட்டிக்கொண்டவர்களும் இன்னும் விற்று முடிக்கவில்லை. அவர்கள் 840-க்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆனால் வால்யூம் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். நம் சந்தையில் அது மூன்று விதமாக ஏமாற்றும். ஏழாவது, எட்டாவது வாரங்களில் சந்தைக்கு விடுமுறை இருந்ததா என்று பாருங்கள். நாலு நாள் வாரத்தில் 8 லட்சம் என்றால் நாளுக்கு 2 லட்சம், அது உங்கள் சராசரியேதான். மூன்று நாள் நான்கு நாள் வாரங்களை முழு வாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு வால்யூம் காய்ந்துவிட்டது என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்து அந்த 18 லட்சம். டெய்லி சார்ட்டில் அதைப் பிரித்துப் பாருங்கள். ஒரே நாளில் 9 லட்சம் வந்திருந்தால் என்எஸ்இ தளத்தில் அந்த நாளின் பல்க் டீல் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கியிருந்தாலோ விற்றிருந்தாலோ அதில் பெயரோடு வந்துவிடும். ஒருவர் விற்க இன்னொருவர் வாங்கிய ஒற்றைப் பரிமாற்றம் என்றால், அந்த வாரத்தை நான் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஐந்து நாளும் பரவலாக வந்திருந்தால் முழு மதிப்பெண். மூன்றாவது, அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் பங்கு ஏறக்கூடிய உச்ச வரம்பு. 5 சதவீதச் சர்க்யூட் உள்ள சின்னப் பங்குகள் நாள்தோறும் காலையிலேயே பூட்டிக்கொண்டால் வால்யூம் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் விற்க ஆளே இல்லை. அப்படிப்பட்ட பங்கில் இந்தக் கணக்கு எதுவும் வேலை செய்யாது. அங்கே கப் தேடுவதே வீண் வேலை.

நீங்கள் போன முறை மாட்டியது அநேகமாக ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஏறிய பங்காக இருக்கும். ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆறேழு பேர் சார்ட்டை விரித்து உட்காரும்போது அதிகம் சண்டை வருவது இதற்குத்தான். அடிமட்டத்திலிருந்து ஒரு வாரம்கூட மூச்சு விடாமல் நேராக ஏறிப் பழைய உச்சத்தைத் தொட்டால், பார்க்க வேகமாக இருக்கும், வாங்கக் கை துறுதுறுக்கும். ஆனால் அடியில் வாங்கியவர்களுக்கு நாலைந்து வாரத்தில் 35, 40 சதவீத லாபம் நிற்கிறது. மேலே மாட்டியவர்களுக்கு அசல் வந்துவிட்டது. இரண்டு கூட்டமும் ஒரே விலையில் விற்கத் தயாராக நிற்கும். வி எல்லாமே தோற்கும் என்று சொல்ல மாட்டேன். ஹேண்டில் போடாமல் நேராக உச்சத்தைத் தாண்டும் வி-யை நான் தொடுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் இப்போதைய பங்கு வி அல்ல. எட்டு வாரம் எடுத்திருக்கிறது, நடுவில் இரண்டு வாரம் அமைதியாக இறங்கியிருக்கிறது.

சரி, இனி எதைப் பார்க்க வேண்டும்? ஹேண்டிலை. மேல்பாதியில் வராத வால்யூமால் விட்டுப்போன வேலையை ஹேண்டில்தான் முடித்துக் கொடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் வெளியேறும் இடம் அது. 832-லிருந்து இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாக 765, 770 வரை வரட்டும். அது 8 சதவீத இறக்கம். அந்த வாரங்களில் வால்யூம் 6 லட்சம், 5 லட்சம் என்று வற்ற வேண்டும், வார முடிவு விலைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது பயந்தவர்கள் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்கள் விற்கும் மனநிலையில் இல்லை என்று பொருள். சாதாரணச் சந்தையில் ஹேண்டில் 12 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது, உங்கள் பங்கில் அது 732. நடுப்புள்ளியான 720-க்குக் கீழே போனால் அந்தக் கப்பை மறந்துவிடலாம்.

கவனமாக இருக்க வேண்டிய ஹேண்டில் ஒன்று உண்டு. உச்சம் 832-லேயே நிற்க, தாழ்வு மட்டும் 795, 803, 811 என்று வாரா வாரம் ஏறிக்கொண்டே போகும். பார்ப்பதற்கு இதுதான் பலமாகத் தெரியும். "இறங்கவே மாட்டேங்குது பாருங்க" என்பார்கள். ஆனால் யாரும் பயந்து வெளியேறவே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். மேலே மாட்டியவர்கள் எல்லாரும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். இப்படி மேல்நோக்கிச் சாயும் ஹேண்டிலிலிருந்து உடைத்து வரும் பங்குகள்தான் ஒரே வாரத்தில் திரும்பி உள்ளே விழும். உங்கள் பங்கின் மேல்பாதியே வால்யூம் இல்லாமல் வந்ததால், ஹேண்டிலும் இப்படி வந்தால் இரண்டு குறை சேர்ந்துவிடும். விட்டுவிடுங்கள்.

ஹேண்டில் ஒழுங்காக அமைந்தால், வாங்கும் இடம் ஹேண்டிலின் உச்சமான 832-ஐத் தாண்டும்போது. பழைய உச்சம் 840-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாள் சராசரி 2 லட்சம் என்பதால், தாண்டும் நாளில் குறைந்தது 3 லட்சமாவது வர வேண்டும். வேலைக்குப் போகிறவராக இருந்தால் காலையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். மதியம் 3.15-க்குப் பாருங்கள், அன்றைய வால்யூம் அதற்குள் தெரிந்துவிடும். விலை 5 சதவீதத்துக்குள், அதாவது 873-க்குள் இருந்தால் வாங்கலாம். அதைத் தாண்டி ஓடியிருந்தால் துரத்த வேண்டாம். 835-ல் வாங்கினால் 8 சதவீத ஸ்டாப் லாஸ் 768-ல் வரும், அது ஹேண்டிலின் அடிப்பகுதியை ஒட்டியே இருக்கிறது.

இன்னொரு சின்ன சோதனை. வார முடிவு விலையை நிஃப்டி 500-ஆல் வகுத்து ஒரு கோடு போடுங்கள். பங்கு 832-ஐத் தாண்டும்போது, முன்பு 840-ல் இருந்தபோது அந்தக் கோடு இருந்த உயரத்தை அது தாண்டியிருந்தால் நல்லது. மொத்தச் சந்தையும் ஏறியதால் மட்டும் இது ஏறவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் கோட்டை ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் என்பார்கள். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஆர்எஸ்ஐ-யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு.

கடைசியாக ரிசல்ட் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கு வெளியிட வேண்டும், ஆண்டுக் கணக்குக்கு 60 நாள். ஹேண்டில் நடக்கும்போதே ரிசல்ட் வரப்போகிறது என்றால், முந்தின நாள் 832-ஐத் தாண்டினாலும் நான் வாங்க மாட்டேன். ரிசல்ட் வந்த மறுநாள் 3 லட்சத்துக்கு மேல் வால்யூமோடு 832-க்கு மேல் முடிந்தால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.