தேமோகப்பிளும் குளிர்ச்சந்தியும்: கேள்வி பதில்

மருதனார்மடம், பேக்கரி: அண்ணை, பாண் போறணைக்கு கே வகைத் தேமோகப்பிள் ஒண்டு போட்டு, ஓபி07 பெருக்கிச் சிப், எல்எம்35 சூடு உணரி வைச்சு ஒரு சேர்க்கிற் செய்விச்சனான். மேசையில வைச்சுக் கொதிதண்ணிக்குள்ள விட்டா 100 வடிவாக் காட்டுது. போறணையில பூட்டினாப் பிறகு எப்பவும் 30 பாகை அளவு குறைவு. 240 இருக்க வேண்டிய நேரம் 206 காட்டுது. ஈயப்பற்று எல்லாம் பாத்தாச்சு.

பதில்: குறையிற தொகையைப் பாருங்கோ. அது கிட்டத்தட்ட உங்கட பெட்டி இருக்கிற இடத்தின்ர சூடு. பிழை அங்கதான் இருக்குது.

தேமோகப்பிள் சூட்டைச் சொல்லாது, இரண்டு முனைக்கும் இடையில உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும். அட்டவணையில 240 பாகைக்கு 9.747 மில்லிவோல்ற்று எண்டு போட்டிருக்கும். ஆனா அது குளிர்ச்சந்தி எண்டு சொல்லுற மற்ற முனை 0 பாகையில இருந்தால் வாற கணக்கு. உங்கட பெட்டி 32 பாகை எண்டு வைப்பம். அப்ப வந்து சேருறது 8.462 தான். மிச்சம் 1.285 மில்லிவோல்ற்றை எல்எம்35 தான் குடுக்க வேணும்.

அது குடுக்கிற விதம் இப்பிடி. எல்எம்35 பாகைக்கு 10 மில்லிவோல்ற்றுப்படி 320 தரும். அதை 24.3 கிலோஓமும் 100 ஓமும் தொடரா வைச்சுப் பிரிச்சா, 100 ஓமுக்கு மேல 244 இல ஒரு பங்கு, அதாவது 1.31 மில்லிவோல்ற்று நிக்கும். தேமோகப்பிளின்ர நெகற்றிவ் கம்பி அந்த 100 ஓமின்ர தலையில இருக்கும், பொசிற்றிவ் கம்பி ஓபி07 இன்ர 3 ஆம் காலுக்குப் போகும். அங்க 8.462 உம் 1.31 உம் கூடி நிக்கும், அதை 243 கிலோஓமும் 1 கிலோஓமும் போட்டு 244 மடங்கு பெருக்கினா 2.38 வோல்ற்று வரும். பாகைக்கு 10 மில்லிவோல்ற்று எண்ட கணக்கில அது 238. ஒரு பாகை ரெண்டு பாகை வித்தியாசம் கே வகையின்ர வளைவால வாறது, அதை விடுங்கோ.

இப்ப அந்த 1.31 ஐ எடுத்துப் போட்டு 8.462 ஐ மட்டும் 244 ஆல பெருக்குங்கோ. 2.06 வோல்ற்று. உங்கட 206 அதுதான். ஆகவே பெருக்கல் சரி, எல்எம்35 உம் பெரும்பாலும் சரி, அதின்ர பங்குதான் உள்ளீட்டுக்கு வந்து சேரேல்லை. மேசையில வந்தது போறணையில ஏன் வரேல்லை எண்டதுதான் கேள்வி.

அனேகமா உங்கட புரோப்பின்ர நுனி உறைக் குழாயோட சேர்த்து ஒட்டின வகை. குழாய் போறணை இரும்பில முட்டுது. உங்கட பெட்டித் தகரமும் அதே இரும்பில பூட்டியிருக்கும், சேர்க்கிற்றின்ர பூச்சியக் கோடு அந்தத் தகரத்தில பிடிச்சிருக்கும். அப்ப 100 ஓமின்ர ரெண்டு தலையும் இரும்பு வழியா ஒண்டாகுது. ஈடு செய்யிற வோல்ற்று அங்கேயே செத்துப் போகும். கொதிதண்ணிக் கோப்பை எதோடயும் முட்டாததால மேசையில பிழை தெரியேல்லை.

சோதிக்கிறது சுகம். புரோப்பைக் கழட்டி, உறைக்கும் ஒரு கம்பிக்கும் இடையில ஓம் அளவுங்கோ. சில ஓம் காட்டினா அந்த வகைதான். பிறகு எல்லாம் பூட்டினபடி மல்ரிமீற்றரை 200 மில்லிவோல்ற்றில வைச்சு 100 ஓமுக்குக் குறுக்கே பாருங்கோ. 1.3 நிக்க வேணும். பூச்சியமா நிண்டா நான் சொன்னதுதான். நுனி உறையோட தொடாத புரோப் வாங்கிறதுதான் நேரான வழி. அல்லது பூச்சியக் கோட்டைத் தகரத்தில இருந்து கழட்டி, சப்ளையையும் நிலத்தொடுப்பு இல்லாமல் மிதக்க விடுங்கோ.

கிளிநொச்சி, பொறியியல் மாணவி: ஐயா, ஓபி07 க்குப் பதிலா எல்எம்358 பாவிக்கலாமா? ஒற்றைச் சப்ளை காணும் எண்டதால கேக்கிறன்.

பதில்: தங்கச்சி, எல்எம்358 இன்ர உள்ளீட்டு ஓவ்செற் சாதாரணமா 2 மில்லிவோல்ற்று, 7 வரைக்கும் போகலாம். கே வகை பாகைக்கு 41 மைக்ரோவோல்ற்று. 2 மில்லிவோல்ற்று எண்டா 49 பாகை. வெளியால ஒரு பொற் வைச்சு அதைக் கழிக்கலாம், ஆனா சூட்டோட அது பாகைக்கு 7 மைக்ரோவோல்ற்றளவு நகரும். பெட்டி 15 பாகை ஏறினா ரெண்டரைப் பாகை பிழை. பாணுக்குத் தாங்கும், உங்கட அறிக்கைக்குத் தாங்காது.

ஓபி07 இல மலிவான சி தரத்திலயே ஆகக் கூடினது 150 மைக்ரோவோல்ற்று, நாலு பாகைக்குள்ள. அதையும் 1 ஆம், 8 ஆம் கால்களுக்கு இடையில 20 கிலோஓம் பொற் போட்டு, நடுக்காலை 7 இல குடுத்து இல்லாமல் செய்யலாம். நெகற்றிவ் சப்ளை கட்டாயம். ரெண்டு 9 வோல்ற்றுப் பற்றறி காணும்.

பூச்சியம் வைக்கேக்க ஒழுங்கு முக்கியம். முதல்ல எல்எம்35 ஐக் கழட்டி, 100 ஓமையும் தேமோகப்பிள் முனைகளையும் செப்புக் கம்பியால ஷோட் பண்ணிப் பொற்றைத் திருப்பிப் பூச்சியம் எடுங்கோ. பிறகு எல்எம்35 ஐப் பூட்டி, 100 ஓமின்ர ஷோட்டை எடுத்து, தேமோகப்பிள் முனைகளை மட்டும் ஷோட்டா விடுங்கோ. வெளியீடு பெட்டியின்ர சூட்டைச் சொல்ல வேணும், 32 எண்டா 320 மில்லிவோல்ற்று. அது வராமல் போறணைக்குக் கிட்டப் போக வேண்டாம்.

இணுவில்: எல்எம்35 ஐ எங்க வைக்கிறது? நான் பெட்டி மூடியில துளை போட்டு வெளியில நீட்டியிருக்கிறன், காத்துப் படட்டும் எண்டு.

பதில்: உள்ளுக்கு எடுங்கோ. அது காத்தின்ர சூட்டை அளக்க இல்லை. தேமோகப்பிள் கம்பி செப்போட சேருற அந்த ரெண்டு ஸ்குரூவின்ர சூட்டைத்தான் அளக்க வேணும், குளிர்ச்சந்தி அதுதான். அங்க ஒரு பாகை வித்தியாசம் வெளியீட்டில ஒரு பாகை பிழை. ஸ்குரூக் கட்டைக்குப் பக்கத்தில ஒரு சின்ன அலுமினியத் துண்டு, மின் தொடாமல் மெல்லிய மைக்கா, எல்எம்35 இன்ர தட்டை முகம் அதில அழுத்தி, கொஞ்சம் வெப்பப் பசை. வோல்ற்று ரெகுலேற்றரை மற்றப் பக்க மூலைக்குக் கொண்டு போங்கோ.

சாவகச்சேரி: இவ்வளவு பாடு ஏன்? யாழ்ப்பாணத்தில எப்பவும் 30 பாகை தானே. 30 ஐக் கூட்டிப் போட்டா எல்எம்35 ஏ தேவையில்லை.

பதில்: ஊர் 30 இல நிக்கலாம், போறணைக்குப் பக்கத்துப் பெட்டி நிக்காது. விடியப் பத்த வைக்க முன்னம் 26, வேலை நடக்கேக்க 45 தாண்டும். பிழை 19 பாகை நகரும், அதுவும் சூடு ஏற ஏறக் குறைச்சுக் காட்டும் பக்கமா. பேர்ணர் தேவைக்கு மேல எரியும்.

சாவகச்சேரி: பாணுக்கு 19 பாகை எல்லாம் ஒரு கணக்கோ? என்ர தகப்பன் மாவைத் தூவி நிறம் பாத்தே சுட்டவர்.

மருதனார்மடம், பேக்கரி: பாணுக்குச் சரி அண்ணை. கேக் அடுக்கிப் பாருங்கோ, 19 பாகையில நடு இறங்கும் அல்லது மேல் கருகும்.

பதில்: சாவகச்சேரிக்காரர் சொல்லுறதில ஒரு பாதி சரி. பெட்டியைக் குளிர் மாறாத அறையில வைச்சா, நிலையான எண்ணைக் கூட்டினாலும் காணும். ஆனா அந்த அறை மட்டும் தேமோகப்பிள் கம்பியே போக வேணும், செப்புக் கம்பி இல்லை.

சாவகச்சேரி: நான் செப்புக் கம்பிதான் இழுத்திருக்கிறன். வேலை செய்யுது.

பதில்: செப்பு எங்க தொடங்குதோ குளிர்ச்சந்தி அங்க போயிட்டுது. போறணைச் சுவரில 60 பாகை இருக்கிற இடத்தில செப்பைப் பூட்டி, தூரத்துப் பெட்டியை 30 எண்டு கணக்குப் பிடிச்சா, 30 பாகை காணாமல் போகும். உங்களுக்கு 240 காட்டேக்க போறணை 270.

சாவகச்சேரி: பாண் நல்லாத்தான் வருகுது.

பதில்: வரட்டும்.

சுன்னாகம்: எல்எம்358 பாவிச்சா என்ன?

பதில்: மேல இருக்கு. 49 பாகை.

நெல்லியடி: நீட்டுக் கம்பி வாங்கினன், ஒண்டு சிவப்பு, ஒண்டு மஞ்சள். சிவப்பைப் பொசிற்றிவ்க்குக் குடுத்தன். போறணை சூடாக இலக்கம் குறையுது.

பதில்: அமெரிக்க நிறத்தில சிவப்பு நெகற்றிவ், மஞ்சள் பொசிற்றிவ். மற்ற வழக்கத்தில பச்சை பொசிற்றிவ், வெள்ளை நெகற்றிவ். நிறத்தை நம்பாமல் காந்தம் வைச்சுப் பாருங்கோ, கே வகையில நெகற்றிவ் கம்பி காந்தத்தில ஒட்டும். ரெண்டு முனையிலயும் மாறிப் பூட்டினா ஆபத்துக் கூட, இலக்கம் ஏறத்தான் செய்யும், ஆனா நீட்டுக் கம்பியின்ர ரெண்டு முனையின்ர சூடு வித்தியாசத்தில இரண்டு மடங்கு பிழை இருக்கும்.

கோண்டாவில்: மாக்ஸ்6675 பலகை வாங்கினா இதெல்லாம் தேவையோ?

பதில்: தேவையில்லை, அதுக்குள்ளேயே எல்லாம் இருக்கு. ஆனா அது தன்ர சிப்பின்ர சூட்டைத்தான் குளிர்ச்சந்தி எண்டு நினைக்கும். பலகையைச் சூடாகிற பாகத்துக்கு மேல ஒட்டினா இணுவில்காரருக்குச் சொன்ன அதே பிழை. நுனி உறையோட சேர்ந்த புரோப்பும் அதுக்கு ஆகாது.

பருத்தித்துறை: பனங்கட்டிப் பாகு 115 பாகையில இறக்கிறம். எல்எம்35 ஐயே பாகுக்குள்ள விடலாமா?

பதில்: உலோக மூடி போட்ட எல்எம்35 எண்டா 150 வரைக்கும் தாங்கும், பிளாஸ்ரிக் உடம்பு எல்எம்35டி 100 வரைக்கும்தான், அது பாகுக்குக் காணாது. உலோக மூடி எண்டாலும் ஈரம் கால்களுக்குள்ள போகும். ஒரு முனை மூடின குழாய்க்குள்ள வைச்சு விடுங்கோ. இதுக்குத் தேமோகப்பிள் வேண்டாம்.

உடுவில்: எல்எம்358 சரி வருமோ எண்டு ஒருக்கா...

பதில்: இல்லை.

மருதனார்மடம், பேக்கரி: அண்ணை, 100 ஓமில பூச்சியம்தான் நிண்டது. புரோப் மாத்தப் போறன். இன்னொண்டு: கம்பி அறுந்தா பேர்ணர் நிக்காமல் எரியுமோ?

பதில்: அறுந்த கம்பியோட 3 ஆம் கால் அந்தரத்தில நிக்கும், இலக்கம் எங்க போகும் எண்டு சொல்லேலாது. பொசிற்றிவ் சப்ளையில இருந்து 3 ஆம் காலுக்கு ஒரு 22 மெகாஓம் குடுங்கோ. கம்பி அறுந்தா வெளியீடு உச்சிக்குப் போகும், கட்டுப்பாட்டுப் பெட்டி போறணை கூடச் சூடு எண்டு நினைச்சு பேர்ணரை நிப்பாட்டும். கம்பி நல்லா இருக்கேக்க அதின்ர சின்ன கரண்ட் 100 ஓமிலயும் கம்பியிலயும் ஓடி ஒரு பாகை அளவு கூட்டும், அதைப் பூச்சியம் வைக்கிற பொற்றில கழிக்கலாம். 22 க்குப் பதிலா 1 மெகாஓம் போட்டால் பிழை 20 பாகைக்கு மேல போகும்.

ஆனா ரெண்டு கம்பியும் குழாய்க்குள்ள ஒண்டோட ஒண்டு முட்டினா இந்த வழி பிடிக்காது. முட்டின இடத்தின்ர சூட்டைத்தான் அது போறணைச் சூடு எண்டு காட்டும், பேர்ணரும் எரிஞ்சு கொண்டே இருக்கும். அதுக்கு வேற வயரில, 300 பாகையில வெட்டுற ஒரு தெமோஸ்ரற்றைப் பேர்ணரின்ர கரண்டோட தொடரா வையுங்கோ.