டெட்வெயிட் இழப்பு 800 ஆ, 400 ஆ?

"தேவை P = 100 − Q, அளிப்பு P = 20 + Q, விலை உச்சவரம்பு 40. பற்றாக்குறை 40 அலகு வருகிறது. ½ × 40 × 40 = 800 என்று போட்டேன், விடையில் 400. எங்கே தப்பு?"

முக்கோணத்தின் ஒரு பக்கமாகப் பற்றாக்குறையை எடுத்ததுதான் தப்பு. அங்கே வர வேண்டியது நின்றுபோன வியாபாரம். முன்பு 40 அலகு விற்றது, இப்போது விற்பவர்கள் 20தான் தருகிறார்கள். ஆக 20 அலகு போயிற்று. 20ஆவது அலகில் தேவைக்கோடு 80, அளிப்புக்கோடு 40, இடைவெளி 40. ½ × 20 × 40 = 400.

60 அலகு கேட்பதில் மூன்றில் ஒரு பங்கு, விலை குறைந்ததால் புதிதாக வந்த ஆசை. அந்த 20 அலகு முன்பும் விற்கவில்லை, அதனால் அதில் இழப்பு இல்லை.

உபரியை வைத்துச் சரிபாருங்கள். முன்பு இரு தரப்புக்கும் தலா 800. இப்போது நுகர்வோருக்கு 1000, உற்பத்தியாளருக்கு 200. மொத்தம் 1600இலிருந்து 1200.

ஆனால் அந்த 1000, அதிக விலை தரத் தயாரானவர்களுக்கே பொருள் கிடைத்தால்தான் வரும். 60 அலகுக்கான கேட்பாளர்களிடையே குலுக்கல் போட்டால், பெறுபவரின் சராசரி மதிப்பு 70. நுகர்வோர் உபரி 600தான். கட்டுப்பாடே இல்லாதபோது இருந்த 800ஐவிடக் குறைவு! வரிசையில் நிற்கும் நேரமும் இப்படித்தான் தின்னும். 1973-74இல் அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் நடந்தது அதுதான். தேர்வில் கேள்வி எதுவும் சொல்லாவிட்டால் 400 என்றே எழுதுங்கள்.